எட்டுக் கட்டளை மொழிக்கு சி-யில் ஒரு இன்டர்பிரெட்டர்: அடைப்புக்குறி தன் இணையைக் கண்டுபிடிக்கும் விதம்

1993-ஆம் ஆண்டில் ஊர்பான் முல்லர் என்பவர் அமிகா கணினியில் இயங்கக்கூடிய மிகச் சிறிய கம்பைலர் ஒன்றை எழுத விரும்பி, அதற்கேற்ற ஒரு மொழியையும் தாமே வகுத்தார். கம்பைலர் 300 பைட்டுக்கும் குறைவான அளவில் அடங்கியது. மொழிக்கு அவர் இட்ட பெயர், பிரெயின்ஃபக், சபையில் சொல்லக்கூடியதன்று. ஆனால் அதன் அமைப்பு மிகவும் ஒழுங்கானது. பூஜ்யங்களால் நிரம்பிய பைட் அறைகளைக் கொண்ட நீண்ட நாடா ஒன்று உண்டு. வழக்கமாக அதில் 30,000 அறைகள் இருக்கும். ஏதேனும் ஓர் அறையின் மேல் ஒரு சுட்டி நிற்கும். `>` மற்றும் `<` சுட்டியை நகர்த்துகின்றன. `+` மற்றும் `-` அறையின் மதிப்பை ஒன்று கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. `.` அதை எழுத்தாக வெளியிடுகிறது. `,` ஓர் எழுத்தை உள்வாங்குகிறது. எஞ்சியவை `[`, `]` ஆகிய இரண்டு மட்டுமே. மற்ற எந்த எழுத்தும் பொருளற்ற குறிப்பாகக் கருதப்பட்டுக் கடந்து செல்லப்படும்.

முதல் ஆறு கட்டளைகளுக்கும் சி-யில் ஆளுக்கு ஒரு வரி போதும். வேலை முழுவதும் அடைப்புக்குறிகளில்தான் இருக்கிறது. அறையில் பூஜ்யம் இருந்தால் `[` தன் இணையான `]`-ஐத் தாண்டிச் செல்ல வேண்டும். பூஜ்யம் இல்லாவிட்டால் `]` தன் இணையான `[`-க்குத் திரும்ப வேண்டும். இணை எது என்பதை எப்படி அறிவது? அருகிலுள்ள எதிர்க்குறியைத் தேடினால் போதும் என்று முதலில் தோன்றும். ஒரு சுழல் மட்டும் இருக்கும்வரை அது சரியாகவே வேலை செய்யும் என்பதால், இந்தப் பிழை சிறிய சோதனைகளில் சிக்காமல் தப்பிவிடும்.

ஆகவே, சுழலுக்குள் சுழல் உள்ள ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். இது 2-ஐயும் 3-ஐயும் பெருக்குகிறது:

```
++[>+++[>+<-]<-]
```

எழுத்துகளை 0-இலிருந்து எண்ணினால், வெளிச்சுழல் 2-ஆம் இடத்தில் தொடங்கி 15-இல் முடிகிறது. உட்சுழல் 7-இலிருந்து 12 வரை. வெளிச்சுழலின் முதல் சுற்றில் 1-ஆம் அறையில் 3 வைக்கப்படுகிறது. உட்சுழல் அதை ஒவ்வொன்றாகக் குறைத்து 2-ஆம் அறையில் சேர்க்கிறது. பிறகு சுட்டி 0-ஆம் அறைக்குத் திரும்பி, அங்கிருந்த 2-ஐ 1 ஆக்குகிறது. இப்போது 15-ஆம் இடத்து `]`-இல் நிற்கிறோம். அறையில் 1 இருப்பதால் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பின்னோக்கி அருகில் இருக்கும் `[` எதுவென்றால், அது 7-ஆம் இடத்தில் உள்ள உட்சுழலுடையது. அங்கே தாவினால் உட்சுழலின் உடல் தவறான அறையிலிருந்து இயங்கும்: 1-ஆம் அறை ஒன்று கூடும், 0-ஆம் அறை பூஜ்யமாகும், சுழல் முடிந்துவிடும். அடுத்து வரும் 13-ஆம் இடத்து `<`, சுட்டியை நாடாவின் தொடக்கத்துக்கும் முன்னால் தள்ளும். அதன் பின்னுள்ள `-` நம்முடையதல்லாத நினைவகத்தில் எழுதும். சி இதைக் கண்டித்துச் சொல்லாது. நிரல் ஏதோ ஒரு விடையுடன் அமைதியாக முடியலாம், வேறெங்கோ ஒரு மாறி காரணமின்றி மாறியிருக்கலாம். எனவே `<` மற்றும் `>` இரண்டிலும் சுட்டியின் எல்லையைச் சோதித்து, மீறினால் நிரலின் எந்த இடத்தில் மீறியது என்று அச்சிட்டு நிறுத்துவது நல்லது. இந்த எடுத்துக்காட்டில் அந்தச் செய்தி 13 என்ற எண்ணைக் காட்டும். தவறான தாவல் அதற்குச் சற்று முன்புதான் நடந்திருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

தேடும்போதே ஆழத்தை எண்ணிக்கொண்டு போவது சரியான விடையைத் தரும்: வழியில் ஒரு `]` வந்தால் ஒன்று கூட்டி, ஒரு `[` வந்தால் ஒன்று குறைத்து, எண்ணிக்கை பூஜ்யமாகும் இடத்தில் நின்றுவிடலாம். ஆனால் சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் அதே தேடல் மீண்டும் நடக்கும். சுழலின் உடல் நீளமாக இருந்து அது லட்சக்கணக்கான முறை சுழன்றால், கட்டளைகளை இயக்குவதைவிடக் குறிகளைத் தேடுவதிலேயே அதிக நேரம் கழியும். நிரலின் உரை இயங்கும்போது மாறுவதில்லை என்பதால், இணைகளைத் தொடக்கத்திலேயே ஒரு முறை கண்டுபிடித்து அட்டவணையில் குறித்துவைப்பதே முறை. அதற்கு ஒரு ஸ்டாக் போதும்:

```c
for (i = 0; i < n; i++) {
    if (prog[i] == '[')
        stack[top++] = i;
    else if (prog[i] == ']') {
        if (top == 0) fail(i);
        k = stack[--top];
        jump[i] = k;
        jump[k] = i;
    }
}
if (top > 0) fail(stack[top - 1]);
```

நம் நிரலில் 2-உம் 7-உம் வரிசையாக ஸ்டாக்கில் ஏறுகின்றன. 12-ஆம் இடத்து `]` வரும்போது கடைசியாக ஏறிய 7 வெளியேறி அதனுடன் இணைகிறது. 15 வரும்போது 2 மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இரண்டு பிழைகளும் இங்கேயே பிடிபடுகின்றன: ஸ்டாக் காலியாக இருக்கும்போது `]` வந்தால் அது தனித்த மூடும் குறி, முடிவில் ஸ்டாக்கில் ஏதேனும் மிஞ்சினால் அது மூடப்படாத குறி. ஸ்டாக்கின் அளவு நிரலின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் ஒருபோதும் நிரம்பி வழியாது.

இதன்பின் இயக்கும் பகுதி சுருங்கிவிடுகிறது. முதல் ஆறு கட்டளைகளை விட்டுவிட்டுத் தாவல்களை மட்டும் காட்டுகிறேன்:

```c
case '[': if (!tape[p]) i = jump[i]; break;
case ']': if (tape[p])  i = jump[i]; break;
```

இரண்டிலும் `i` இணைக்குறியின் மேலேயே வைக்கப்படுகிறது. வெளியே உள்ள `for` அதை ஒன்று கூட்டுவதால் இயக்கம் அந்தக் குறிக்கு அடுத்த கட்டளையிலிருந்து தொடர்கிறது. இங்கே `jump[i] + 1` என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டளை விழுங்கப்படும்.

அறைகளை `unsigned char` வகையில் அறிவிப்பதற்கும் காரணம் உண்டு. பைட் எட்டு பிட் கொண்ட எந்தக் கணினியிலும் 255-உடன் ஒன்று கூட்டினால் இந்த வகையில் 0 கிடைக்கும் என்பதை சி உறுதியளிக்கிறது. `[-]` போலவே `[+]` என்று எழுதியும் அறையைக் காலிசெய்யும் நிரல்கள் இதை நம்பியே இருக்கின்றன. அறைகளை `int` ஆக்கினால் `[+]` முன்போல் விரைவில் முடியாது; இருநூறு கோடிக்கும் மேல் எண்ணிச் சென்று, இறுதியில் சி வரையறுக்காத நிலையில் போய் விழும்.

உள்ளீடு தீர்ந்துபோனால் `,` என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் பொது உடன்பாடு இல்லை. சிலர் அறையில் 0 வைக்கிறார்கள், சிலர் 255 வைக்கிறார்கள், சிலர் அறையைத் தொடாமல் விடுகிறார்கள். வந்த எழுத்தை அப்படியே திருப்பி அச்சிடும் `,[.,]` என்ற நிரலை இயக்கிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: 0 வைத்தால் ஒழுங்காக முடிகிறது, தொடாமல் விட்டால் கடைசி எழுத்தையே முடிவின்றி அச்சிடுகிறது, 255 வைத்தால் 255-ஆம் பைட் கொட்டிக்கொண்டே இருக்கிறது. 0 வைப்பதே என் தேர்வு. எதைத் தேர்ந்தாலும், `getchar` தரும் மதிப்பை முதலில் ஒரு `int` மாறியில் வாங்கி `EOF`-உடன் ஒப்பிட்ட பிறகே அறையில் வைக்க வேண்டும். நேராக அறையில் போட்டுவிட்டு ஒப்பிட்டால், `unsigned char` ஒருபோதும் எதிர்மறை ஆகாது என்பதால் உள்ளீட்டின் முடிவு கண்டறியப்படாமலே போய்விடும்.