"செல்லாது" என்ற ஒரே சொல்லை நம்பி மூன்று மாதத்தில் தவறிய சொத்து

2018 செப்டம்பரில் ஒரு தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே 2006-ல் பதிவான ஒரு கிரயப் பத்திரத்தின் நகல். அப்பா 2004-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுமனைக்கு அம்மாவும் மகனும் மட்டுமே வாரிசு, ஆளுக்குப் பாதி. மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கடன் நெருக்கியதால் அம்மா மனை முழுவதையும் விற்றுவிட்டார். பத்திரத்தில் தனக்காக ஒரு கையெழுத்து, "மைனருக்குத் தாயும் கார்டியனுமான" என்று போட்டு இன்னொரு கையெழுத்து.

"மைனர் சொத்தை கோர்ட் அனுமதி இல்லாம வித்தா செல்லாதுன்னு பத்திரம் எழுதுறவர் அப்பவே சொன்னார் சார். செல்லாததுதானே, எப்ப வேணா கேக்கலாம்னு இருந்துட்டேன்" என்றார். பிறந்த தேதி கேட்டேன். 1997 ஜூன். எனக்குக் கை சோர்ந்துவிட்டது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் அவருடைய பாதிக்கு வழக்குப் போட்டிருக்க முடியும்.

அந்தத் தம்பியைக் கெடுத்தது "செல்லாது" என்ற சொல்தான். பேச்சில் நாம் மூன்று வெவ்வேறு நிலைமைகளுக்கும் அந்த ஒரு சொல்லையே சொல்கிறோம். சட்டத்தில் அவை மூன்றும் வேறு. ஒன்று, பிறக்கும்போதே உயிரில்லாத ஒப்பந்தம். இதுதான் செல்லாத ஒப்பந்தம். இரண்டாவது உயிரோடு இருக்கும்; ஆனால் பாதிக்கப்பட்டவர் நினைத்தால் உரிய காலத்துக்குள் அதை முடித்து வைக்கலாம். இது தவிர்க்கத்தக்க ஒப்பந்தம். மூன்றாவதில் ஒப்பந்தத்தில் குறையே இருக்காது. முத்திரை, பதிவு, காலக்கெடு என்று ஏதோ ஒன்று குறுக்கே நிற்பதால் நீதிமன்றம் அதை நிறைவேற்றித் தராது. இது அமலாக்க முடியாத ஒப்பந்தம். முதல் இரண்டுக்கும் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. மூன்றாவதற்கு அதில் தனி விளக்கம் கிடையாது. முத்திரைச் சட்டம், பதிவுச் சட்டம், காலவரையறைச் சட்டம் என்று வெளியிலிருந்து வருகிறது. குழப்பம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மனையையே வைத்துப் பார்ப்போம். ஒன்பது வயதுப் பையனே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால்? அது முதல் வகை. மைனர் செய்யும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. மோஹரி பீபி வழக்கு என்று சட்டம் படிக்கிற எல்லாரும் முதல் வருடத்திலேயே படிப்பார்கள். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் 1895-ல் 20,000 ரூபாய்க்குத் தன் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர் தரப்பு வக்கீலுக்கு அவர் மைனர் என்பது தெரிந்தே இருந்தது. அடமானம் செல்லவில்லை, கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியவில்லை. மைனர் பெரியவரான பிறகு "சம்மதம்" என்று சொன்னாலும் அந்தப் பழைய காகிதத்துக்கு உயிர் வராது.

அம்மாவுக்குப் பதில் சித்தப்பா கையெழுத்துப் போட்டிருந்தால்? அதுவும் செல்லாததுதான். இந்துக் குடும்பத்தில் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா, இவர்கள்தான் இயற்கைப் பாதுகாவலர். வளர்த்தவர் என்பதற்காகச் சித்தப்பாவோ தாத்தாவோ மைனர் சொத்தை விற்க அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாதவர் போட்ட கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பித் தூங்கிவிடவும் கூடாது. இடம் வாங்கியவர் அனுபவத்தில் இருந்தால், சுவாதீனம் கேட்பதற்கான 12 வருடக் கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

நம் தம்பியின் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அம்மா. அவருக்குப் பாதுகாவலர் என்ற அதிகாரம் உண்டு, ஆனால் முழு அதிகாரம் இல்லை. 1956-ம் வருட இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-வது பிரிவு, மைனரின் அசையாச் சொத்தை விற்க முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்கச் சொல்கிறது. விற்றே ஆகவேண்டிய அவசியம், அல்லது பிள்ளைக்குக் கண்கூடான நன்மை, இரண்டில் ஒன்றைக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். அனுமதி வாங்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதை அதே பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அந்த விற்பனை மைனரின் விருப்பத்தில் தவிர்க்கத்தக்கது. தானாகவே செல்லாமல் போவதில்லை.

அப்படியென்றால் நடைமுறையில் என்ன? அந்தப் பத்திரம் பையன் மறுக்கும் வரை நல்ல பத்திரம்தான். வாங்கியவர் பட்டா மாற்றலாம், வீடு கட்டலாம். வில்லங்கச் சான்றில் சுத்தமாகத் தெரியும். மறுக்கும் உரிமை பையனுக்கும் அவர் வழியாக உரிமை கோருபவருக்கும் மட்டும்தான். மனை விலை இறங்கிவிட்டது என்பதற்காக வாங்கியவர் "அனுமதி இல்லாத கிரயம், பணத்தைக் கொடு" என்று திரும்பி வர முடியாது. பக்கத்து மனைக்காரர் வந்து கேட்கவும் முடியாது.

பையனுக்கும் காலக்கெடு உண்டு. காலவரையறைச் சட்டத்தின் 60-வது இனம், 18 வயது முடிந்ததிலிருந்து மூன்று வருடம் தருகிறது. 1997 ஜூனில் பிறந்தவருக்கு 2015 ஜூனில் பதினெட்டு, 2018 ஜூனோடு கணக்கு முடிந்தது. மேல்முறையீட்டில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு கேட்கலாம். அசல் வழக்குக்கு அந்த வழியே கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் தாண்டியதுதான். எப்போதும் வழக்குதான் போட்டாக வேண்டும் என்பதில்லை, தெளிவான நடத்தை மூலமும் மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. அதுவும் அந்தக் கெடுவுக்குள் நடந்தால்தான் பயன்.

காலத்துக்குள் வந்திருந்தாலும் முழு மனை கிடைத்திருக்காது. அம்மாவின் பாதியை அம்மா விற்றது விற்றதுதான். கிரயப் பணம் பையனின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் போனது என்று வாங்கியவர் நிரூபித்தால், அந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கெல்லாம் அப்பாவின் தனிச் சொத்துக்கு. பிரியாத கூட்டுக்குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பங்கை குடும்பத் தலைவர் விற்பதற்கு வேறு விதிகள். அதை இதோடு கலக்கக் கூடாது.

மிரட்டி வாங்கிய கையெழுத்து, ஏமாற்றி வாங்கிய கையெழுத்து, படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பாவிடம் பார்த்துக்கொள்ளும் பிள்ளை செல்வாக்கைக் காட்டி எழுதி வாங்கிய தானம், இவையும் இந்த இரண்டாவது வகைதான். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். விவரம் தெரிந்த பிறகும் அதே பத்திரத்தின் கீழ் பணமோ வாடகையோ வாங்கிக்கொண்டிருந்தால், ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

முதல் வகைக்கு எங்கள் பக்கம் அடிக்கடி வருவது வேலைக்குக் கொடுத்த பணம். அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று ஐந்து லட்சம் வாங்கியவர், வேலை கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாக நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் வைத்துத் தருவார். நோக்கமே சட்டவிரோதம் என்பதால் அந்தத் தாளை வைத்துப் பணம் கேட்க முடியாது. தெரிந்தே லஞ்சம் கொடுத்தவருக்கு சிவில் நீதிமன்றம் பொதுவாகக் கை கொடுக்காது. மோசடிப் புகார் கொடுக்கலாம், அது போலீஸ் வழி. முத்திரையும் நோட்டரியும் செத்த ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுக்காது.

மூன்றாவது வகைக்கு ஒரு அக்காவின் கதை. கடன் வாங்கிய மச்சினர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு. "தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது" என்று வாசகம் எல்லாம் சரியாக இருந்தது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேலேயே கையெழுத்து, அதுவும் சரி. நாள் பார்த்தேன், மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு வரவு, வட்டி வாங்கியது. ஆனால் இரண்டுமே அக்கா கையெழுத்தில், அவர் ஞாபகத்துக்காக எழுதியது. மச்சினர் கையெழுத்து இல்லை. காலக்கெடு முடிவதற்குள் கட்டிய தொகையை கடன் வாங்கியவரே எழுதியிருந்தால், இல்லை கையெழுத்தாவது போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைத்திருக்கும்.

கடன் இல்லாமல் போய்விட்டதா? இல்லை. வழக்குப் போடும் வழி மட்டும்தான் அடைபட்டது. மச்சினர் மனமுவந்து கொடுத்தால் அக்கா வாங்கிக்கொள்ளலாம். "காலம் கடந்த கடன்" என்று சொல்லி அவர் பிறகு திரும்பக் கேட்க முடியாது.

ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டு இன்னும் மோசம். மற்ற பத்திரங்களில் முத்திரை குறைந்தால் குறைவையும் அபராதத்தையும் கட்டிச் சாட்சியத்துக்குக் கொண்டுவரலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கடன் கொடுத்ததை வேறு சாட்சியத்தால் நிரூபிக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். பதிவு செய்யாத கிரய ஒப்பந்தத்தில் இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனாலும் பதியாத ஒப்பந்தத்தை, கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. அமலாக்க முடியாது என்று தோன்றும் தாளைக் கிழித்துப் போட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு. காலம் கடந்த கடனையும் கொடுக்கிறேன் என்று கடன் வாங்கியவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அது புது ஒப்பந்தம். வாய்வார்த்தை போதாது. "கடன் பட்டது உண்மை" என்று மட்டும் எழுதுவதும், கெடு முடிந்த பிறகு போதாது. "கொடுக்கிறேன்" என்ற வாக்குறுதி அதில் இருக்க வேண்டும். நோட்டீஸ் அனுப்பாமல் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்றேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் இரண்டு பேருமே வந்தார்கள். பழைய புரோநோட்டின் தேதியையும் தொகையையும் சொல்லி, பன்னிரண்டு தவணையில் தருவதாக மச்சினர் புதுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தவணை வரவு எழுதுவதற்கு ஒரு நோட்டு வாங்கி வந்திருந்தார் அக்கா. ஒவ்வொரு வரவுக்குக் கீழேயும் மச்சினர் கையெழுத்துப் போட இடம் விட்டு, அங்கேயே உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டார்.