அடையாள அட்டை இலக்கத்தில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு நாள்

வவுனியாவிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். அவருடைய அக்காவுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். குறிப்புப் பொருந்தியது, இரு வீட்டாருக்கும் பிடித்தது, நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தம்பி, அக்காவின் அடையாள அட்டை இலக்கத்தை இணையத்தில் கிடைத்த ஒரு கணிப்பானில் தட்டிப் பார்த்திருக்கிறார். குறிப்பில் இருப்பது ஜூலை 15. கணிப்பான் காட்டியது ஜூலை 16. "அரசாங்க இலக்கம் பொய் சொல்லாது, குறிப்புத்தான் பொய்" என்று பேச்சு திரும்பிவிட்டது. நாள் மாறினால் நட்சத்திரமும் மாறக்கூடும் என்பதால் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. "அக்காவின் அட்டையில் பிழையா, பிறப்புச் சான்றிதழில் பிழையா?" என்று கேட்டிருந்தார். (திகதியை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கணக்கு மாறாது.)

இரண்டிலும் பிழையில்லை. பிழை கணிப்பானில் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு என்பதால் கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன்.

இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள். அடுத்த மூன்றும் பிறந்த நாள், ஆனால் மாதமாகவும் திகதியாகவும் அல்ல. ஜனவரி முதலாம் திகதியை ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே போனால் அந்த நாள் எத்தனையாவதாக வருகிறதோ அந்த எண். பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்படும். பிறகு வருவது ஒரு தொடர் எண். அதற்குப் பிறகு தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்கான ஒரு சோதனை எண். கடைசியில் V அல்லது X.

நம் அக்கா 1993 ஜூலை 15 அன்று பிறந்தவர். அவருடைய இலக்கம் 93697 என்று தொடங்குகிறது. மீதியை இங்கே எழுதப் போவதில்லை. 697இலிருந்து 500ஐக் கழித்தால் 197. சரி, 1993ஆம் ஆண்டின் 197ஆவது நாள் எது? நாட்காட்டியை எடுத்து எண்ணுங்கள். ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, கூட்டினால் 181. இன்னும் 16 நாள் போனால் 197. ஆக, ஜூலை 16. கணிப்பானும் இதையேதான் செய்திருக்கிறது.

இங்கேதான் அந்த அழகான விஷயம் இருக்கிறது. ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் ஆண்டா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. ஜனவரி 31, பெப்ரவரி 29, ஆக மார்ச் முதலாம் திகதி எந்த ஆண்டிலும் 61ஆவது நாள். அந்தக் கணக்கில் ஜூன் முடிய 182. இன்னும் 15 சேர்த்தால் 197. ஜூலை 15!

அவசரமாகப் பார்த்தால் பிழைபோலத் தெரியும் இந்த ஏற்பாட்டின் வசதியை யோசித்துப் பாருங்கள். 366 நாட்களுக்கும் ஒரே ஓர் அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால், விண்ணப்பத்தைப் பார்க்கும் எழுதுவினைஞர் எந்த ஆண்டில் பிறந்தவருக்கும் அதையே பார்த்து எண்ணைப் போடலாம். 1956இல் ஜூலை 15 பிறந்த தாத்தாவுக்கும் 1993இல் ஜூலை 15 பிறந்த பேத்திக்கும் நடு எண் ஒன்றுதான். பேத்திக்கு 500 கூடும், அவ்வளவுதான். உண்மையான நாட்காட்டியில் இந்த ஒற்றுமை கிடைக்காது. அங்கே ஒரே ஜூலை 15 சில ஆண்டுகளில் 196, சில ஆண்டுகளில் 197. எண் என்னவோ "ஆண்டின் எத்தனையாவது நாள்" என்று சொல்வதுபோல் தோன்றினாலும், உண்மையில் அது அட்டவணையில் எத்தனையாவது வரி என்பதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் அந்தக் கணிப்பானை எழுதியவர் ஏன் கவனிக்கவில்லை? அவர் தன் இலக்கத்தைப் போட்டுத்தான் சோதித்திருப்பார். ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவராக இருந்தால் இரண்டு கணக்கும் ஒரே விடைதான் தரும். 1988, 1992 போன்ற லீப் ஆண்டில் பிறந்தவராக இருந்தாலும் அப்படியே. மார்ச் மாதத்திலோ அதற்குப் பிறகோ, லீப் அல்லாத ஆண்டில் பிறந்தவர்களுக்குத்தான் ஒரு நாள் தள்ளிப் போகும். ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் இந்த வகைக்குள் வருவார்கள், மீதி நால்வருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நிரல் எழுதுபவர்களுக்குத் திருத்தம் சிறியது. பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு லீப் ஆண்டின் நாட்காட்டியில் மாதத்தையும் திகதியையும் எடுக்க வேண்டும்:

```python
from datetime import date, timedelta

d = date(2000, 1, 1) + timedelta(197 - 1)
print(d.month, d.day)   # 7 15
```

இதே 2000க்குப் பதில் 1993 என்று போட்டால் `7 16` வரும். அக்காவின் கலியாணத்தை நிறுத்தியது அந்த ஒரு வரிதான்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் இலக்கத்தைப் பார்த்தே சில பிழைகளைப் பிடிக்கலாம். நடு எண் 060 என்றால் பெப்ரவரி 29, பெண்ணுக்கு 560. லீப் அல்லாத ஆண்டோடு இந்த எண் வந்தால் எங்கோ தவறாக எழுதப்பட்டிருக்கிறது. 367 முதல் 500 வரை யாருக்கும் வராது, 866க்கு மேலும் வராது. அந்த இலக்கத்தைக் கொண்டு ஒரு வெளியாள் உறுதியாகச் செய்யக்கூடிய சோதனை ஏறக்குறைய இவ்வளவுதான்.

2016 ஜனவரியில் இலக்கம் பன்னிரண்டு எண்களானது. காரணம் எளிது. 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்தார்கள். 00 என்று போட்டால் 1900ஆ, 2000ஆ என்று தெரியாது. அதனால் ஆண்டு நான்கு எண்களாகவும் தொடர் எண் நான்காகவும் நீண்டது, எழுத்து போய்விட்டது. பழைய இலக்கத்தைப் புதிய வடிவத்தில் எழுத, முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்கும் தொடர் எண்ணுக்கும் நடுவே ஒரு 0 போட்டு, எழுத்தை எடுத்துவிட வேண்டும். அக்காவுடையது 19936970 என்று தொடங்கும். ஒரே ஆளுக்கு இரண்டு வடிவில் இலக்கம் இருப்பதைப் பார்த்து "இரண்டு அட்டை வைத்திருக்கிறார்" என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. நடுவில் இருக்கும் அந்த 0ஐப் பார்த்தாலே விளங்கிவிடும்.

இனி, இதில் இல்லாததைப் படிப்பவர்களைப் பற்றி. இலங்கை இலக்கத்தில் மாவட்டம் இல்லை, ஊர் இல்லை, இனம் இல்லை, மதம் இல்லை. தொடர் எண்ணை வைத்து "இது வடக்கு, இது மலையகம்" என்று சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அப்படி எதுவும் அதில் எழுதப்படவில்லை. கடைசி எழுத்தையும் இப்படித்தான் மிஞ்சிப் படிக்கிறார்கள். V வாக்குரிமையைக் குறிப்பது, X அது இல்லாததைக் குறிப்பது என்பதுதான் பொதுவான விளக்கம். ஆனால் அது அட்டை எடுத்த நாளின் நிலை. 1948இல் குடியுரிமை இழந்த மலையக மக்களுக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் அது திரும்பக் கிடைத்தது. குடியுரிமை ஒருவருடைய வாழ்நாளிலேயே மாறக்கூடியது என்பதற்கு நம் நாட்டில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அட்டையில் பதிந்த எழுத்தோ அப்படியே இருக்கும்.

பிறந்த திகதிகூட, சரியாகக் கணக்கிட்டாலும், பதிவில் சொல்லப்பட்ட திகதிதான். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் சான்றிதழ் தொலைந்து, உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து அட்டை எடுத்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுடைய இலக்கத்திலும் நாள் எண் மற்றவர்களுடையதைப் போலவே துல்லியமாகத் தெரியும்.

இடத்தையும் இலக்கத்திலேயே எழுதும் நாடுகள் உண்டு. மலேசிய அட்டையில் முதல் ஆறு எண்கள் பிறந்த திகதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம். பேராக்குக்கு 08, சிலாங்கூருக்கு 10. 08ஐப் பார்த்ததும் "நீங்கள் பேராக்காரரா?" என்று கேட்பது அங்கே சாதாரணம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாய் ஈப்போவில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்று, மூன்று மாதத்தில் கிள்ளானுக்குத் திரும்பினால், கிள்ளானிலேயே வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க 08தான். அது பாட்டி வீடு எங்கே என்று சொல்கிறது. பிள்ளையின் ஊரைச் சொல்லவில்லை.

இதைவிட வலி மிகுந்தது தென் கொரியாவில் நடந்தது. அங்கே பதிமூன்று எண் இலக்கத்தில் பதிவு செய்த இடத்தின் குறியீடும் இருந்தது. வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களை முதலில் ஆன்சொங் என்ற ஊரில் உள்ள ஹானாவொன் மையத்தில் தங்கவைத்து, அங்கிருந்தே பதிவு செய்தார்கள். அதனால் ஆண்களுக்கு இலக்கத்தின் பின்பகுதி 125 என்றும், பெண்களுக்கு 225 என்றும் தொடங்கியது. அதைக் கவனித்த சீனத் தரப்பு அந்த எண் உள்ளவர்களுக்கு விசா மறுத்தது. தப்பி வந்தவர்கள் மட்டுமல்ல, அதே குறியீடு தற்செயலாக வாய்த்த சாதாரணத் தென் கொரியர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2009இல் சட்டத்தைத் திருத்தி, தப்பி வந்தவர்கள் ஒருமுறை இலக்கத்தை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2020 ஒக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் இலக்கங்களில் இடக் குறியீட்டையே எடுத்துவிட்டார்கள். பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் இன்னும் இருக்கின்றன.

இந்தியாவின் ஆதாரில் பன்னிரண்டு எண்களும் எதையும் சொல்லாதவை, கடைசி எண் மட்டும் சோதனை எண். அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு வேறு குறைகள் பல உண்டு. ஆனால் ஓர் இலக்கம் ஆளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற இந்த ஒரு முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். நாமும் 2016இல் இலக்கத்தை மாற்றியபோது இதைச் செய்திருக்கலாம். இரண்டு எண் ஆண்டை நான்காக்கியதோடு நின்றுவிட்டோம்.

தங்கைக்கு அட்டவணையின் ஜூலைப் பகுதியை எழுதி அனுப்பினேன். கூடவே ஒரு வேலையும் சொன்னேன். மாப்பிள்ளையின் தம்பி 1995 நவம்பரில் பிறந்தவராம். அவருடைய இலக்கத்தை அவரையே அதே கணிப்பானில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். நட்சத்திரப் பொருத்தத்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்பதையும் எழுதினேன். ஆனால் ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொன்னது அந்த நட்சத்திரம்கூட இல்லை, தவறாக எண்ணிய ஒரு பெப்ரவரி. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. தம்பிக்கும் ஒரு நாள் தள்ளித்தான் காட்டியதாம்.