லேயர்: அடுக்கா, படலமா?

‘லேயர்’ என்பது இடுதல், கிடத்துதல் எனப் பொருள்படும் ‘லே’ என்ற ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல். முதலில் கல் வைத்துக் கட்டும் கொத்தனாரைக் குறித்த அது, பின்னரே ஒன்றன்மேல் ஒன்றாக இடப்படும் பொருளைக் குறிக்கலாயிற்று. 1994இல் வெளியான ஃபோட்டோஷாப் 3.0 வழியாக அது படத்திருத்தத்தில் வேரூன்றியது.

தமிழில் பெரும்பாலும் ‘அடுக்கு’ என்றே எழுதுகிறோம். ஆனால் அடுக்கு என்றதும் அடுக்குப்பானையும் அடுக்குமாடியும் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும். படத்திருத்தத்தின் லேயரோ கீழுள்ளதைக் காட்டிக்கொண்டே அதன்மேல் படியும் மெல்லிய பரப்பு. ஆகவே தனி லேயரைப் ‘படலம்’ என்றும், படலங்களின் வரிசையை ‘அடுக்கு’ என்றும் வழங்குவதே பொருந்தும் என்பது என் கருத்து.

ஒரு சட்டையின் நிறத்தை மாற்றிப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். உலாவியிலேயே கட்டணமின்றி இயங்கும் ஃபோட்டோபியா என்ற படத்திருத்தச் செயலியில், வெளிர்நீலச் சட்டை அணிந்தவரின் படத்தைத் திறந்து, வலப்புற Layers பலகத்தின் அடியிலுள்ள பொத்தானால் வெற்றுப் படலம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். B விசையை அழுத்தித் தூரிகையை எடுத்து, அதன் Hardness அளவை 0% ஆக்கினால், விளிம்பில் நிறம் மெல்லக் கரையும் மென்தூரிகை கிடைக்கும். அதில் பச்சையைத் தோய்த்துச் சட்டையின் மேல் பூசினால், மடிப்பும் பொத்தானும் மறைந்து பச்சை அட்டை ஒட்டியதுபோல் தெரியும். அதாவது, இப்போது அது வெறும் அடுக்கு. பலகத்தின் மேற்பகுதியில் Normal என்றிருப்பதை Color என மாற்றியதும் மடிப்புகள் மீள்கின்றன. ஏனெனில் இந்த முறையில் நிறமும் அதன் செறிவும் மட்டுமே மேலிருந்து வருகின்றன. வெளிச்சமும் நிழலும் கீழுள்ள படத்துக்கே உரியவை.

இதன் வரம்பும் அங்கேயே இருக்கிறது. அதே சட்டையில் பச்சைக்குப் பதில் அரக்குச் சிவப்பைப் பூசினால், துணியின் வெளிச்சம் குறையாததால் இளஞ்சிவப்புதான் கிடைக்கும். வெள்ளைச் சட்டையோ அநேகமாக நிறமே ஏற்காது. இவ்விரண்டுக்கும் Multiply என்ற முறையைத் தேர்ந்து, மிகவும் இருண்டுவிட்டால் Opacity அளவைச் சற்றுக் குறைக்கலாம். கருஞ்சட்டையை வெளிர்நிறமாக்க இவை இரண்டுமே உதவா. முதலில் அந்தத் துணியின் வெளிச்சத்தைக் கூட்டியாக வேண்டும்.

மென்தூரிகை சட்டையின் நடுப்பகுதிக்கு ஏற்றது. கழுத்துப்பட்டை ஓரத்தில் அதன் மென்மையே குறையாகி, தோலில் பச்சை கசியும். படத்தை 200% பெரிதாக்கினால் அக்கசிவு கண்ணில் படும். அங்கே தூரிகையைச் சிறிதாக்கி, Hardness அளவை 70% அளவுக்கு உயர்த்திப் பூச வேண்டும்; கசிந்ததை அழிப்பானால் துடைக்கலாம். நிறம் தனிப் படலத்தில் இருப்பதால், எவ்வளவு அழித்தாலும் மூலப்படம் சிதையாது. பின்னர் திருத்த விரும்புவோர் PSD கோப்பாகச் சேமிக்க வேண்டும். JPG கோப்பில் படலங்கள் அனைத்தும் ஒன்றாகிவிடும்.