பெல்மேனி, ப்ளினீ, கம்போத்: மூன்று ரஷ்யச் சொற்களும் அவற்றின் தமிழும்

ரஷ்ய நகரம் எதிலும் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் 'பெல்மேன்னயா', 'ப்ளீன்னயா', 'ஸ்தலோவயா' என்று கடைப் பலகைகள் கண்ணில் படும். நாம் இட்லிக் கடை, பரோட்டாக் கடை என்று சொல்வது போலத்தான் அதுவும். பெல்மேனி கிடைக்கும் இடம் பெல்மேன்னயா, ப்ளினீ சுடும் இடம் ப்ளீன்னயா. 'ஸ்தோல்' என்றால் மேசை. அதிலிருந்து வந்த ஸ்தலோவயா, தட்டை ஏந்தி வரிசையில் போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் சாதாரணச் சாப்பாட்டுக் கடை. பயணிக்கு ரஷ்யச் சாப்பாட்டைக் குறைந்த செலவில் காட்டுவது இந்தக் கடைகள்தான். ஆனால் பட்டியல் பெரும்பாலும் ரஷ்ய எழுத்தில் மட்டும் இருக்கும். அதனால் மூன்று சொற்களை மட்டும் எடுத்து, அவை எங்கிருந்து வந்தன, தமிழில் அவற்றை எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

பெல்மேனியில் தொடங்கலாம். முட்டையும் தண்ணீரும் விட்டுப் பிசைந்த கோதுமை மாவைச் சின்ன வட்டமாகத் தேய்த்து, நடுவில் வெங்காயம் சேர்த்த பச்சைக் கொத்துக்கறியை வைத்து, மூடிக் கொதிநீரில் வேகவைப்பார்கள். சொல் ரஷ்யச் சொல் அல்ல. யூரல் மலைக்கு மேற்கே வாழும் கோமி, உத்மூர்த் மக்களின் மொழிகளில் இருந்து வந்தது. அவை ஃபின்னிஷ் மொழியின் தூரத்து உறவுகள், ரஷ்ய மொழியோடு குடும்பத் தொடர்பு இல்லாதவை. அங்கே 'பெல்' என்றால் காது, 'நியான்' என்றால் ரொட்டி. பெல்நியான், அதாவது காது ரொட்டி. ரஷ்யர் வாயில் அது பெல்மேனி ஆயிற்று.

ஏன் காது என்பது கையால் செய்து பார்த்தால்தான் புரியும். வீட்டில் சப்பாத்தி மாவு இருக்கும்போது ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டையை எடுத்துப் பூரியைவிடச் சின்னதாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பாதியாக மடித்து ஓரத்தை அழுத்தினால் சோமாஸ் வடிவம் வரும். இப்போது அந்தப் பிறையின் இரண்டு முனைகளையும் பின்னால் கொண்டுவந்து ஒன்றோடொன்று ஒட்டுங்கள். கையில் இருப்பது ஒரு குழந்தையின் காது.

'நியான்' என்ற பாதியும் நமக்கு அந்நியமில்லை. அந்த மக்கள் அதைப் பழைய ஈரானிய மொழி பேசியவர்களிடமிருந்து கடன் வாங்கினார்கள். நம் ஊர் ஓட்டல்களில் பட்டர் நான், கார்லிக் நான் என்று கேட்கிறோமே, அந்த 'நான்' இதே சொல்தான். பாரசீகத்திலிருந்து ஒரு கிளை இந்தியாவுக்கு வந்தது. இன்னொரு ஈரானியக் கிளை யூரல் பக்கம் போய்க் காதோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில் என்ன சொல்வது? பலரும் 'இறைச்சிக் கொழுக்கட்டை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொழுக்கட்டை அரிசி மாவு, ஆவியில் வேகுவது. பெல்மேனி கோதுமை மாவு, தண்ணீருக்குள் வேகுவது. கொழுக்கட்டை என்றதும் விநாயகர் சதுர்த்தியும் தேங்காய்ப் பூரணமும் மனதில் வருகிறவருக்குத் தட்டில் வருவது பெரிய அதிர்ச்சியாக இருக்கும். சொல்லின் மூல அர்த்தத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் 'செவியப்பம்' என்று சொல்லலாம். தமிழ் பைபிளில் ரொட்டிக்கு அப்பம் என்ற சொல் வெகுகாலமாக இருக்கிறது. விளக்கம் சொல்லச் செவியப்பம், கடையில் கேட்கப் பெல்மேனி என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனி பட்டியலில் இருக்கும் ஒரு வரியை முழுதாகப் படிப்போம்: 'பெல்மேனி தமாஷ்னியெ ஸ ஸ்மெதானய், 250/30'. கடைசியில் இருக்கும் எண் விலை இல்லை. பெல்மேனி 250 கிராம், கூட வருவது 30 கிராம் என்று பொருள். ரஷ்யப் பட்டியல்களில் எடையை இப்படித்தான் போடுவார்கள். விலை தனியாக இருக்கும். 'ஸ்மெதானா' என்பது புளிக்க வைத்த பாலேடு. தயிரைவிடக் கெட்டி, புளிப்பு குறைவு. 'ஸ' என்றால் 'உடன்'. நாம் தயிர் என்பதைத் தயிரோடு என்று மாற்றுவது போல, ரஷ்ய மொழியில் ஸ்மெதானாவின் வால் ஸ்மெதானய் என்று மாறியிருக்கிறது. நமக்கு ஒட்டு பின்னால் மட்டும் வரும். அவர்களுக்கு முன்னால் ஒரு சிறு சொல்லும் வேண்டும், பின்னால் வாலும் மாற வேண்டும். ஆகவே பட்டியலில் ஒரு சொல் நீங்கள் மனப்பாடம் செய்ததிலிருந்து கடைசியில் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். முதல் பாதியைப் பாருங்கள், ஆள் அதே ஆள்தான். 'உடன்' என்பதற்கு ஸ், ஸ; 'இல்லாமல்' என்பதற்கு பெஸ்; 'இதனால் செய்தது' என்பதற்கு இஸ். இந்த மூன்றும் தெரிந்தால் பாதிப் பட்டியல் படித்த மாதிரி.

நம்மில் பலருக்கு அந்த வரியில் முக்கியமான சொல் 'தமாஷ்னியெ'. நேர்ப்பொருள் வீட்டுப் பக்குவம். ஆனால் கறி விஷயத்தில் அதற்கு வழக்கமாக மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்த கொத்து என்று பொருள். வீட்டுச் சமையல் என்று நினைத்து வாங்கினால் இரண்டும் தட்டில் வந்துவிடும். கறியின் பெயரைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்கறி 'கவ்யாதினா', பன்றிக்கறி 'ஸ்வினீனா', ஆட்டுக்கறி 'பரானினா', கோழி 'கூரித்ஸா'. கவ்யாதினாவை மறக்கவே முடியாது: பசுவிலிருந்து கிடைக்கும் ஐந்தைப் பஞ்சகவ்யம் என்கிறோம் அல்லவா? மாட்டைக் குறித்த ஒரே பழைய வேரிலிருந்து சமஸ்கிருதக் கவ்யமும் ரஷ்யக் கவ்யாதினாவும் வந்தன.

சைவர்கள் பெல்மேனியை விட்டுவிட்டு 'வரேனிகி' என்று தேட வேண்டும். 'வரீத்' என்றால் வேகவைத்தல், வரேனிகி வெந்தவை. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், செர்ரி என்று உள்ளே வைப்பார்கள். இதற்குச் சோமாஸ் வடிவமே, காது கிடையாது. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மேலே தூவும் வறுத்த வெங்காயத்தோடு சில கடைகளில் பன்றிக் கொழுப்புத் துண்டுகளும் சேரும். அதன் பெயர் 'ஷ்க்வார்கி'. மாவிலும் முட்டை இருக்கலாம். முட்டையும் பாலும்கூட வேண்டாம் என்பவர் 'போஸ்னயெ' என்ற சொல்லைத் தேடலாம். 'போஸ்ட்' என்பது கிறிஸ்தவ நோன்பு. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு நாட்களில் பல கடைகளில் இறைச்சி, முட்டை, பால் இல்லாத தனிப் பட்டியலே வைப்பார்கள். ஆனால் அதில் கடலுணவு இருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ப்ளினீக்கு வருவோம். ஒன்று என்றால் 'ப்ளின்', பல என்றால் 'ப்ளினீ'. அதனால் 'ப்ளினீகள்' என்று எழுதினால் பன்மைக்கு மேல் பன்மை ஆகிவிடும். பழைய வடிவம் 'ம்லின்'. 'மலோத்', அரைத்தல், என்ற வினையோடு சேர்ந்தது. அரைத்த மாவில் செய்தது என்பதே சொல்லின் மூல அர்த்தம். உக்ரைன் மொழியில் இன்றும் அதற்கு 'ம்லினெத்ஸ்' என்று பெயர், பழைய ம அங்கே அப்படியே தங்கிவிட்டது.

இதற்குத் தமிழில் தோசை என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, மாவு பொங்கிய பிறகு சுடுவதுதான் பழைய முறை. இப்போது பெரும்பாலும் பாலும் முட்டையும் கலந்து உடனே சுடுகிறார்கள். வீட்டில் நாம் மாவை நடுவில் ஊற்றிக் கரண்டியால் இழுப்போம். அவர்கள் வாணலியைக் கையில் பிடித்துச் சாய்த்துச் சுற்றி மாவை ஓடவிடுவார்கள். கடைகளில் தட்டைக் கல் இருக்கும், T வடிவ மரக்கட்டையை ஒரு சுற்றுச் சுற்றினால் மாவு விளிம்பு வரை போய்விடும். மொறுமொறுப்பு இருக்காது, துணி போல மடியும். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. 'முதல் ப்ளின் கட்டியாகும்' என்பது அங்கே பழமொழி, எந்த வேலையும் முதல் தடவை சரியாக வராது என்று ஆறுதல் சொல்லப் பயன்படுத்துவார்கள். ஆகவே 'பால்தோசை' என்றால் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முட்டை உண்டு என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ப்ளினீக்கு மேல் வருவதில் ஒரு சொல் ஏமாற்றும். 'இக்ரா' என்றால் மீன் சினை. ப்ளினீயோடு 'க்ராஸ்னயா இக்ரா' என்றால் சிவப்பு நிறச் சால்மன் சினை. ஆனால் 'கபச்கோவயா இக்ரா' என்று இருந்தால் மீனே கிடையாது. சுரைக்காய் இனத்துக் காயை வெங்காயம், கேரட், தக்காளியோடு வதக்கி மசித்தது. அதற்குத் தமிழ் தொக்கு.

கடைசியாகக் கம்போத். ரஷ்ய எழுத்து தெரியாதவரும் பட்டியலில் கண்டுபிடிக்கக்கூடிய சொல் இது. ஆறு எழுத்து, ஐந்து நமக்கு ஆங்கிலத்தில் பழகிய வடிவமே, நடுவில் ஒன்று மட்டும் வாசற்கால் போல இருக்கும், அதுதான் 'ப'. எழுத்தில் இரண்டு ஓ இருந்தாலும் அழுத்தம் இல்லாத முதல் ஓ 'அ' என்றே ஒலிக்கும், அதனால் கொம்போத் இல்லை, கம்போத்.

சொல் பிரெஞ்சு, அதற்கும் முன்னால் லத்தீனில் 'ஒன்றாகச் சேர்த்து வைத்தது' என்று பொருள். பிரான்சில் அந்தப் பெயரில் கேட்டால் சர்க்கரையில் வெந்து குழைந்த பழம் வரும், கரண்டியால் சாப்பிடுவது. ரஷ்யாவில் தண்ணீர் கூடி அது குடிக்கும் பொருளாகிவிட்டது. அதற்கு முன்பே பழத்தை வேகவைத்த பானம் அவர்களிடம் இருந்தது. 'வ்ஸ்வார்' என்பார்கள், வரேனிகியில் பார்த்த அதே 'வெந்தது'. வெளிநாட்டுப் பெயர் வந்து பழையதை ஓரமாக்கிவிட்டது. ஸ்தலோவயாவில் சாப்பாட்டை எண்ணித்தான் சொல்வார்கள்: 'முதலாவது' சூப், 'இரண்டாவது' கறியோ மீனோ, 'மூன்றாவது' கம்போத்.

பழச்சாறு என்று இதை மொழிபெயர்ப்பது தவறு. சாறு பிழிவது, இது கொதிக்க வைப்பது. கஷாயம் என்றால் மருந்து நினைவு வரும். ஆனால் அதே கஷாயத்துக்குச் சித்த மருத்துவத்தில் அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது: நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்கிறோமே, அந்தக் குடிநீர். கம்போத்துக்குப் 'பழக் குடிநீர்' என்பது செய்முறையையே சொல்லிவிடும். பட்டியலில் அதிகம் காணப்படும் 'கம்போத் இஸ் சுகஃப்ரூக்தவ்' என்பது உலர்பழக் குடிநீர். இது தேநீர் நிறத்தில், கொஞ்சம் புகை மணத்தோடு இருக்கும். குடித்து முடித்ததும் கண்ணாடி டம்ளரின் அடியில் ஒரு ஆப்பிள் சீவல், ஊதிப் பருத்த திராட்சை, கறுத்த பிளம் ஒன்று கிடக்கும். அவற்றை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். பிளம்மில் மட்டும் கொட்டை இருக்கலாம், மெதுவாகக் கடியுங்கள்.