பவர் கிராஃபோட மேடு: செல்லுக்கு எந்த லோடு போடணும்?

ஒரு செல், அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர், அவ்ளோதான் சர்க்யூட். ரெசிஸ்டர் மதிப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போய் ஒவ்வொரு மதிப்புக்கும் அதுல எத்தன வாட் செலவாகுதுன்னு கணக்கு போட்டு, கீழ்க்கோட்டுல ஓம், நிக்கிற கோட்டுல வாட்னு வச்சு கிராஃப் வரைஞ்சா ஒரு மேடு வரும். இடது பக்கம் செங்குத்தா ஏறும், ஒரு உச்சி வரும், அப்புறம் வலது பக்கம் ரொம்ப நிதானமா இறங்கிக்கிட்டே போகும், பூஜ்யத்த தொடவே தொடாது. பிளஸ் டூ பிசிக்ஸ்ல இதுலேர்ந்து நாம எடுத்துக்கிட்டு வர்றது ஒரே ஒரு வரி: லோடு ரெசிஸ்டன்ஸ் செல்லோட இன்டர்னல் ரெசிஸ்டன்ஸுக்கு சமமா இருந்தா பவர் அதிகபட்சம். வரி சரிதான். ஆனா நிஜத்துல லோடு தேர்ந்தெடுக்கணும்னா உச்சிய விட அந்த மேட்டோட ரெண்டு சரிவுதான் நமக்கு நிறைய விஷயம் சொல்லுது, அதத்தான் இங்க பாக்கப்போறோம்.

மேடு ஏன் வருதுன்னு முதல்ல பாத்துடலாம். லோடு ரொம்ப சின்னதா இருந்தா கரண்ட் நிறைய ஓடும், ஆனா வோல்டேஜ் முக்காவாசி செல்லுக்குள்ளயே விழுந்துடும், லோடுக்குன்னு மிச்சம் எதுவும் இருக்காது. லோடு ரொம்ப பெருசா இருந்தா வோல்டேஜ் முழுசா கிடைக்கும், ஆனா கரண்ட் ஓடாது. பவர்ங்கறது இது ரெண்டோட பெருக்கல், அதனால ரெண்டு ஓரத்துலயும் சரிஞ்சு நடுவுல எங்கயோ உச்சிக்கு போகுது.

செல்லோட இஎம்எஃப் E, உள்ள இருக்குற ரெசிஸ்டன்ஸ் r, லோடு R-னு வச்சுக்கிட்டா

P = E²R / (R + r)²

இதுக்கு உச்சி கண்டுபிடிக்க கால்குலஸ் வேணாம். மேல இருக்குற R-அ கீழ கொண்டு போய் வகுத்துட்டா

P = E² / (R + 2r + r²/R)

இப்போ கீழ மாறுறது R-உம் r²/R-உம் மட்டும்தான். இந்த ரெண்டையும் பெருக்குனா எப்பவும் r², மாறவே மாறாது. பெருக்கல் மாறாத ரெண்டு எண்ணோட கூட்டல் எப்போ ரொம்ப கம்மியா இருக்கும்னா ரெண்டும் சமமா இருக்கும்போது, அதாவது R = r. கீழ இருக்குறது ரொம்ப கம்மின்னா பவர் ரொம்ப ஜாஸ்தி, E²/4r. இதே வரில இன்னொண்ணும் ஒளிஞ்சிருக்கு, புத்தகத்துல பெரும்பாலும் அத சொல்றதே இல்ல: R-க்கு பதிலா r²/R போட்டாலும் கீழ இருக்குற கூட்டல் அப்படியேதான் இருக்கும். அதாவது மேட்டுல ஒவ்வொரு உயரத்துக்கும் இடது பக்கம் ஒரு லோடு, வலது பக்கம் ஒரு லோடுன்னு ஜோடி உண்டு, அந்த ஜோடிய பெருக்குனா r².

எண்ண போட்டு பாப்போம். 1.5 வோல்ட் ஜிங்க் கார்பன் செல், கொஞ்சம் பழசு, உள்ள 2 ஓம் இருக்குன்னு வச்சுக்கோங்க. 0.5 ஓம் லோடு மாட்டுனா 0.6 ஆம்பியர் ஓடும், லோடுக்கு 0.18 வாட். 1 ஓம்னா 0.5 ஆம்பியர், 0.25 வாட். 2 ஓம்னா 0.375 ஆம்பியர், 0.281 வாட், இதுதான் உச்சி. 4 ஓமுக்கு போனா 0.25 ஆம்பியர், திரும்ப 0.25 வாட். 8 ஓம்ல 0.15 ஆம்பியர், திரும்ப 0.18 வாட். 1-உம் 4-உம் ஜோடி, 0.5-உம் 8-உம் ஜோடி, ரெண்டையும் பெருக்குனா 4, அதோட வர்க்கமூலம் 2, அதுதான் செல்லுக்குள்ள இருக்குற ரெசிஸ்டன்ஸ்.

கிராஃப பாத்து r படிக்கணும்னா இந்த ஜோடி வழிதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா உச்சிய நேரா பாத்து படிக்கிறது நம்பகமே இல்லாத வேல. இதே செல்லுல 1.5 ஓம்ல 0.276 வாட், 2.5 ஓம்ல 0.278 வாட். ரெண்டு தசமத்துக்கு எழுதுனா 1.5-லேர்ந்து 2.5 வரைக்கும் எல்லாமே 0.28 தான், இதுல உச்சி எங்க இருக்குன்னு யார் சொல்றது? லேப்ல ஆளாளுக்கு வேற வேற r எழுதிட்டு வர்றதுக்கு முக்கியமான காரணம் இந்த தட்டையான உச்சிதான். அதுக்கு பதிலா உச்சிக்கு நல்லா கீழ, சரிவா இருக்குற இடத்துல ஒரு படுக்கைக்கோடு போடுங்க, அது வளைவ வெட்டுற ரெண்டு இடத்தோட ஓம படிச்சு பெருக்கி வர்க்கமூலம் எடுங்க, ரெண்டு மூணு உயரத்துல இத செஞ்சு விடை ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒவ்வொரு உயரத்துக்கும் r வேற வேறயா வந்துச்சுன்னா கிராஃப்லயே ஏதோ கோளாறுன்னு அர்த்தம்.

கோளாறு வழக்கமா ரெண்டு இடத்துலேர்ந்து வரும். ஒண்ணு அம்மீட்டர். மல்டிமீட்டர்ல மில்லிஆம்பியர் சாக்கெட்ல மாட்டுனா உள்ள இருக்குற ஷண்ட், ஃபியூஸ் எல்லாம் சேந்து ஒரு ஓம் கூட வந்துடும், நம்ம செல்லே 2 ஓம்தான்ங்கும்போது அது சின்ன விஷயம் இல்ல. லோடுக்கு குறுக்க வோல்டேஜ் எடுத்து பவர் கணக்கு போட்டா அந்த ஒரு ஓம் செல்லுக்குள்ள இருக்குற மாதிரியே நடந்துக்கும், உச்சி 3 ஓமுக்கு நகந்து உயரமும் 0.19 வாட்டுக்கு இறங்கிடும். இதுக்கு அம்மீட்டரையே தூக்கிடலாம், மதிப்பு தெரிஞ்ச ரெசிஸ்டர்கள ஒண்ணொண்ணா மாட்டி வோல்டேஜ் மட்டும் எடுத்து V²/R போட்டா போதும். ஆனா ஒரு ஓம், அர ஓம் அளவுல வயர், முதலைக் கிளிப் ரெசிஸ்டன்ஸ் கூட கணக்குல வரும், அதனால வோல்ட்மீட்டர் முனைய ரெசிஸ்டரோட கால்லயே வைக்கணும்.

இன்னொண்ணு செல்லேதான். 0.6 ஆம்பியர் ஒரு பழைய ஜிங்க் கார்பன் செல்லுக்கு பெரிய சும, நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே வோல்டேஜ் இறங்கிக்கிட்டு இருக்கும், ஏன்னா உள்ள ரசாயன வினை அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம செல்லோட ரெசிஸ்டன்ஸ் ஏறுது. அப்போ கிராஃபோட இடது பக்கம் ஒரு செல்லோடது, வலது பக்கம் வேற ஒரு செல்லோடதுங்கற மாதிரி ஆயிடும். பெரிய ஓம்லேர்ந்து ஆரம்பிச்சு சின்ன ஓமுக்கு வாங்க, நடுவுல ஒரு புஷ் பட்டன் போட்டு படிக்கிற நேரம் மட்டும் அமுக்குங்க, எல்லாம் முடிஞ்சதும் முதல்ல எடுத்த ரீடிங்க திரும்ப எடுங்க. அது பழைய எண்ணுக்கு வரலன்னா செல் நடுவுலயே மாறிடுச்சு, அந்த கிராஃப நம்பாதீங்க.

சரி, இப்போ தேர்வுக்கு வருவோம். எனக்கு 0.25 வாட் வேணும்னா கிராஃப் ரெண்டு லோடு காட்டுது, 1 ஓமும் 4 ஓமும். லோடுக்கு கிடைக்கிறது ரெண்டுலயும் ஒரே பவர், ஆனா 1 ஓம்ல 0.5 ஆம்பியர், 4 ஓம்ல 0.25 ஆம்பியர், அதாவது இடது பக்கத்த எடுத்தா செல்லுல இருக்குற சார்ஜ் ரெண்டு மடங்கு வேகமா காலியாகுது. செல்லுக்குள்ள வீணாகுற சூட பாத்தா இன்னும் மோசம்: இடது பக்கம் 0.5 வாட், வலது பக்கம் 0.125 வாட், நாலு மடங்கு வித்தியாசம். அதனால உச்சிக்கு இடது பக்கம் இருக்குற எந்த லோடயும் வேணும்னு தேர்ந்தெடுக்க காரணமே கிடையாது, அதே பவர குடுக்குற அதோட வலது பக்க ஜோடி எப்பவும் ரெடியா இருக்கு.

உச்சியும் கூட பல நேரம் நல்ல இடம் இல்ல. R = r-ல செல் குடுக்குற பவர்ல சரிபாதி உள்ளயே சூடா போயிடுது, முனைல வோல்டேஜ் பாதியாயிடுது. நம்ம செல்ல உச்சிலேர்ந்து 4 ஓமுக்கு நகத்துனா லோடுக்கு போற பவர் ஒம்போதுல ஒரு பங்குதான் குறையுது, ஆனா செல் குடுக்குற ஆற்றல்ல லோடுக்கு போய் சேர்றது பாதிலேர்ந்து மூணுல ரெண்டு பங்கா ஏறுது. வலது சரிவு நிதானமா இறங்குறதால கிடைக்கிற லாபம் இது, கொஞ்சம் பவர் விட்டுக்குடுத்தா நிறைய ஆற்றல் மிச்சம்.

அதிகபட்ச பவரையும் எஃபிஷியன்சியையும், அதாவது குடுக்குற ஆற்றல்ல லோடுக்கு போய் சேர்ற பங்கையும், குழப்பிக்கிட்ட கதை வரலாறுலயே இருக்கு. 1838ல ரஷ்யாவுல நேவா ஆத்துல பேட்டரி மோட்டார் வச்சு படகு ஓட்டுன மோரிட்ஸ் யாகோபிதான் இந்த அதிகபட்ச பவர் விதிக்கு பேர் பெத்தவர், யாகோபி விதின்னே சொல்லுவாங்க. அத வச்சு ரொம்ப நாள் மின் இயந்திரத்தோட எஃபிஷியன்சி பாதிக்கு மேல போகவே போகாதுன்னு நெனச்சுட்டாங்க. 1879 வாக்குல எடிசனும் அவர்கிட்ட வேல பாத்த பிரான்சிஸ் அப்டனும் டைனமோவோட உள் ரெசிஸ்டன்ஸ வெளி லோட விட ரொம்ப கம்மியா வச்சு செஞ்சாங்க, அதாவது வேணும்னே மேட்டோட வலது பக்கம் வெகுதூரத்துல ஓட்டுனாங்க, எஃபிஷியன்சி பாதிய தாண்டி எங்கயோ போச்சு.

இதுல இன்னொரு பொறி இருக்கு. விதி சொல்றது r மாறாம இருக்கும்போது R-அ எப்படி தேர்ந்தெடுக்கணும்னு மட்டும்தான். R மாறாம இருந்து r நம்ம கைல இருந்தா, r எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் உள்ள 8 ஓம் சேத்து 'மேட்ச்' பண்றது பவர வீணடிக்கிறதுதான். ஆண்டெனாவுலேர்ந்து வர்ற துளி சிக்னல் மாதிரி இடத்துல சோர்ஸ மாத்த முடியாது, சூடாகுறதும் பிரச்சன இல்ல, வர்றத முழுசா வாங்கணும், அங்க உச்சிலயே உக்காந்துக்கலாம்.

லித்தியம் செல், கார் பேட்டரில மட்டும் உச்சிய தேடி போயிடாதீங்க. கார் பேட்டரி உள்ள 0.01 ஓம்னு வச்சா உச்சில 600 ஆம்பியர், லோடுல 3600 வாட், பேட்டரிக்குள்ளயும் அதே 3600 வாட். உருகுறது, வெடிக்கிறது எல்லாம் அங்கதான் நடக்கும்.

கடைசியா, இந்த மேடு ஒரே இடத்துல நிக்காது. செல் பழசாக ஆக r ஏறும், மேடு உயரம் குறைஞ்சு வலது பக்கமா நகரும், லோடு மட்டும் அங்கயே இருக்கும். அதே 4 ஓம் லோட எடுத்துக்கோங்க, இஎம்எஃப் 1.5-லயே இருக்குன்னு வச்சுப்போம். புது செல்லுல r 0.3 ஓம்னா லோடுக்கு 0.49 வாட், செல் குடுக்குறதுல நூத்துக்கு 93 பங்கு லோடுக்கு. r 2 ஓம் ஆகும்போது 0.25 வாட். 6 ஓம் ஆனப்புறம் 0.09 வாட்தான், உள்ள 0.135 வாட், அதாவது லோடு இப்போ உச்சிக்கு இடது பக்கம் மாட்டிக்கிச்சு, செல் தனக்கே அதிகம் செலவு பண்ணுது. மீட்டர்ல இத பாக்குறது ரொம்ப சுலபம்: லோடு இல்லாம 1.5 காட்டுற செல், லோடு மாட்டுன உடனே 0.75-க்கு கீழ விழுந்தா உச்சிய தாண்டி அந்தப் பக்கம் போயாச்சு, செல்ல மாத்திடலாம்.