ஒட்டிய பீங்கானில் ஏன் சாப்பிடக் கூடாது

உடைந்த பீங்கான், சிலை, பூச்சாடி போன்றவற்றை ஒட்டித் திருத்திக் கொடுப்பது என் தொழில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று கொழும்பின் பல பக்கங்களிலிருந்தும் கொண்டுவந்து தருவார்கள். சிலை கொண்டுவருபவர்களிடம் எனக்கு அதிகம் பேச வேலையில்லை. மாதாவின் கைவிரலோ பிள்ளையாரின் தும்பிக்கையோ, எபொக்சிப் பசையால் ஒட்டி, நிறம் சேர்த்துக் கொடுத்தால் கண்ணாடி அலுமாரிக்குள் பல வருடம் நன்றாக இருக்கும். சாப்பாட்டுப் பீங்கான் கொண்டுவருபவர்களிடம்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. ஒட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்தப் பீங்கான் திரும்பவும் சாப்பாட்டு மேசைக்குப் போகக் கூடாது என்பதை அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

அண்மையில் வந்த ஒரு பீங்கானை வைத்தே இதைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் இருந்து ஒரு அம்மா கொண்டுவந்தார். முட்டை வடிவப் பெரிய பரிமாறும் பீங்கான், ஓரத்தில் நீலக் கோடு, அவருடைய தாயார் காலத்துப் பொருள். மூன்று துண்டாக உடைந்ததை அவருடைய மகன் கடையில் வாங்கிய ஐந்து நிமிட எபொக்சியால் ஒட்டியிருக்கிறார். ஒட்டும் மோசமில்லை, துண்டுகள் நேராகவே பொருந்தியிருந்தன. அதன் பிறகு சில மாதங்கள் மீன் குழம்பும் சம்பலும் அதிலேதான் பரிமாறியிருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்தது பாதுகாப்புப் பற்றிக் கேட்க அல்ல. ஒட்டிய கோடு மஞ்சள் பழுப்பாக மாறி அசிங்கமாகத் தெரிகிறது, அதை வெள்ளையாக்கித் தர முடியுமா என்றுதான் கேட்டார்.

அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. எபொக்சி வெளிச்சம் பட்டு நாளடைவில் தானாகவே மஞ்சளாகும், அது வேறு. அந்த மஞ்சள் கோட்டோடு மட்டும் நிற்கும். இதில் கோட்டின் இரு பக்கமும், பளபளப்பான மேற்பூச்சுக்கு அடியில், நிழல் மாதிரி ஒரு கறை பரவியிருந்தது. அது கறி மஞ்சளும் எண்ணெயும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் பசைக்கும் பீங்கானுக்கும் நடுவே தலைமயிரை விட மெல்லிய இடைவெளி அங்கங்கே தெரிந்தது. நகத்தால் சுண்டினேன். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும். இது மந்தமாகச் சத்தம் போட்டது.

பழைய எபொக்சி ஒட்டைப் பிரிக்க எனக்குத் தெரிந்த முதல் வழி சுடுநீர். பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பீங்கானை வைத்து, வெதுவெதுப்பான நீரில் தொடங்கி மெல்ல மெல்லச் சூட்டைக் கூட்டுவேன். கை வைக்க முடியாத சூடு வந்ததும் பசை ரப்பர் மாதிரி இளகும், துண்டுகள் கையோடு வந்துவிடும். நீர் கொதிக்கவே தேவையில்லை. வீட்டுக்கு வாங்கும் எபொக்சிகளில் பல 50, 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பு அதைவிடச் சூடு. தேத்தண்ணி அதைவிட இன்னும் சூடு. ஒட்டைப் பிரிக்க நான் வேண்டுமென்றே செய்கிற வேலையை, ஒட்டிய பீங்கானைப் பாவிக்கிற வீடு ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது. சூட்டில் இளகி, ஆறும்போது இறுகி, கழுவும்போது நீரை உறிஞ்சி வீங்கி, அந்த ஒட்டு ஓரங்களில் விட ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் பீங்கான் முழுசாகத்தான் இருக்கும்.

இந்தப் பீங்கானும் சுடுநீரில் சீக்கிரமே பிரிந்தது. உள்ளே பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது.

முதலாவது, ஒட்டின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்குப் பசை இறுகவே இல்லை. ஊசியால் குத்தினால் சூயிங்கம் மாதிரி இழுபட்டது. எபொக்சி இரண்டு குழாயில் வரும், ஒன்றில் பிசின், மற்றதில் ஹார்ட்னர். காய்ந்து இறுகுகிற பசை இல்லை இது. இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்தால்தான் இறுகும். பெட்டியில் சொல்லியிருக்கும் அளவில், வழக்கமாகச் சரிபாதியாக, எடுத்து ஒரே நிறம் வரும்வரை கலக்க வேண்டும். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கூடிப்போன பகுதிக்கு வினைபுரியத் துணை இல்லாததால் அப்படியே தங்கிவிடும். ஐந்து நிமிடப் பசையில் அவசரத்தில் கலக்கும்போது இது அடிக்கடி நடக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில ஹார்ட்னர்கள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்ந்து, மேலே பிசுபிசுப்பான ஒரு படலமாகப் படியும். மழை நாளில் ஒட்டிவிட்டு அடுத்த நாள் தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டும்.

இப்படி வினைபுரியாமல் மிஞ்சுவது உணவுக்கு ஆகாத பொருள். பெரும்பாலான பிசின்கள் பிஸ்பினோல் ஏ என்ற வேதிப்பொருளிலிருந்து செய்யப்படுபவை. ஹார்ட்னரில் பெரும்பாலும் அமீன் வகைச் சேர்மங்கள் இருக்கும். தோலில் பட்டாலே சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால்தான் நான் கையுறை இல்லாமல் குழாயைத் திறப்பதில்லை. இறுகாத பசையிலிருந்து இவை வெளியே வரச் சூடும் எண்ணெயும் புளிப்பும் உதவி செய்யும். நம் சமையலில் இந்த மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன: தேங்காய்ப்பால், பழப்புளி, தேசிக்காய், எல்லாம் சுடச்சுட. ஒரு வேளை சாப்பிட்டதால் ஒருவருக்கும் எதுவும் ஆகியிருக்காது, அந்த அம்மாவைப் பயப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் எவ்வளவு கலந்தது, எவ்வளவு இறுகியது, எவ்வளவு வெளியே வருகிறது என்று வீட்டில் யாராலும் அளந்து பார்க்க முடியாது. இப்படி அளக்க முடியாத ஒன்றைப் பிள்ளைகளின் சோற்றுக்கு அடியில் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இரண்டாவது விஷயம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது. உடைந்த முகத்தைப் பார்த்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய களிமண் உடல் உள்ளே வெகுதூரம் மஞ்சளாகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பழைய மீன் வாடை. பீங்கானைப் பாதுகாப்பது அதன் மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சுதான். உடைந்த இடத்தில் அந்தப் பூச்சு இல்லை. உயர்ந்த போர்சலின் உடல் நீரை உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் இது போன்ற மண்பாண்ட வகைப் பீங்கான், உடைந்த முகம் வழியே நீரையும் எண்ணெயையும் நன்றாகக் குடிக்கும். பசை விட்ட இடத்தால் குழம்பு உள்ளே போகிறது, எண்ணெய் தங்குகிறது, ஈரம் தங்குகிறது. எந்தச் சவர்க்காரமும் ஸ்பொஞ்சும் அங்கே எட்டாது. நம் ஊர் வெக்கையில் கிருமி பெருக இதைவிட வசதியான இடம் வேண்டாம். எபொக்சியே இல்லாமல் வேறெந்தப் பசையால் ஒட்டியிருந்தாலும் இந்தப் பிரச்சினை இருக்கும்.

ஆகவே, "சாப்பாட்டுக்குப் பாதுகாப்பானது" என்று எழுதிய எபொக்சி வாங்கினால் சரிதானே என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். அப்படி எழுதியிருப்பது, சரியான அளவில் கலந்து முற்றாக இறுகிய ஒரு வழவழப்பான பரப்புக்கு. விரிசலுக்குள் இருக்கும் ஒட்டுக்கும், அதன் மேல் ஊற்றும் சுடு குழம்புக்கும் அது உறுதி தராது. தங்கக் கோடு போட்டு ஒட்டும் ஜப்பானிய முறை என்று இணையத்தில் விற்கும் பெட்டிகளையும் கவனியுங்கள். மரபான முறையில் பாவிப்பது ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் அரக்கு. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது சாதாரண எபொக்சியும் தங்க நிறப் பொடியும். அந்தப் பொடி பித்தளையாக இருந்தால் புளிப்புப் பட்டுச் செம்பும் கரையும்.

சரி, அந்தப் பீங்கானுக்கு என்ன செய்தேன்? பழைய பசையை எல்லாம் சுரண்டி, அசிட்டோனால் துடைத்தேன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் இதற்கு ஆகாது, அதில் சேர்க்கும் எண்ணெய் உடைந்த முகத்தில் தங்கிவிடும். பிறகு ஹைட்ரஜன் பெரொக்சைட் நனைத்த பஞ்சைக் கறையின் மேல் வைத்து, காயாமல் பொலித்தீன் சுற்றி, கறை மங்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். அப்புறம் நல்ல நீரில் ஊறவைத்து, முழுக்கக் காயவிட்டேன். ஈரமான உடலில் எபொக்சி பிடிக்காது, மழைக்காலத்தில் அது காயவே நாட்கள் போகும். ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் துண்டுகளைப் பொருத்தி, எது முதல், எது கடைசி என்று பார்த்துக்கொண்டேன். ஒழுங்கு மாறினால் கடைசித் துண்டு உள்ளே போகாது. மெதுவாக இறுகும் எபொக்சியை ஒரு முகத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவி, டேப் இழுத்துக் கட்டி, மணல் தட்டில் சாய்த்து வைத்தேன். பிதுங்கிய பசையை அரைகுறையாக இறுகியிருக்கும்போது பிளேடால் சீவிவிட்டு, மறுநாள் வரை தொடவில்லை.

பீங்கானை வாங்க வந்த அம்மா ஒட்டின் மேல் விரலை ஓடவிட்டுப் பார்த்தார். "தம்பி, கோடே தெரியேல்லையே. இப்ப வடிவா இருக்கு. ஆறின சாப்பாடாவது வைக்கலாம்தானே?"

"வேண்டாம் அம்மா. தோலோட வாழைப்பழம் வையுங்கோ, கடதாசி சுத்தின இனிப்பு வையுங்கோ. பீங்கானைக் கழுவாமல் துடைச்சாலே போதும் என்கிற எதையும் வையுங்கோ. சோறு கறி மட்டும் வேண்டாம்."

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. வீட்டுக்கு வரும் மருமகளுக்கோ, வேலைக்கு வரும் பெண்ணுக்கோ அது ஒட்டிய பீங்கான் என்று தெரியாது, நல்ல ஒட்டென்றால் பார்த்தும் தெரியாது. அதனால் நான் கொடுக்கும் ஒவ்வொரு பீங்கானின் அடியிலும் "சாப்பாட்டுக்கு இல்லை" என்று அழியாத மையால் எழுதி, மேலே தெளிவான வார்னிஷ் பூசுகிறேன். வீட்டில் நீங்களே ஒட்டினாலும் இதைச் செய்யுங்கள். பழைய பீங்கான் ஒன்று ஒட்டியதா என்று சந்தேகமாக இருந்தால், இருட்டில் யூவி டோர்ச் அடித்துப் பாருங்கள். எபொக்சிக் கோடு பெரும்பாலும் பீங்கானை விட வேறு நிறத்தில் வெளிறி ஒளிரும். சுவரில் மாட்டுவதாக இருந்தால் ஸ்பிரிங் கம்பி வேண்டாம், அது ஓரங்களை இழுத்து ஒட்டைப் பிளக்கும். மரத்தாங்கியில் சாய்த்து, வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள்.