மணல் விழும் விளையாட்டில் எந்தக் கட்டம் முதலில்?

மணலையும் நீரையும் தீயையும் திரையில் கொட்டி விளையாடும் விளையாட்டுகளில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு கட்டம். மணலுக்கான விதி எளிது: கீழ்க்கட்டம் காலியாக இருந்தால் விழ வேண்டும், இல்லையென்றால் கீழே இடது அல்லது வலது மூலைக்குச் சரிய வேண்டும், அங்கும் இடமில்லை என்றால் நிற்க வேண்டும். குவியலின் சரிவு இந்த விதியிலிருந்தே பிறந்துவிடுகிறது.

இப்படி ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டங்களைப் பார்த்து விதிப்படி மாறும் அமைப்புக்குச் செல்லுலார் ஆட்டோமேட்டா என்று பெயர். அவற்றில் புகழ்பெற்றது ஜான் கான்வேயின் 'லைஃப்' (1970). அதில் பழைய கட்டத்தாளைப் பார்த்துப் புதிய தாளில் எழுதுவார்கள். மணலுக்கு அந்த முறையை அப்படியே எடுக்க முடியாது. ஒரு காலிக் கட்டத்துக்கு இடமேல் மூலையிலிருந்து ஒரு மணல் மணியும், வலமேல் மூலையிலிருந்து இன்னொன்றும் சரிய நினைக்கலாம். இரண்டும் பழைய தாளைப் பார்த்து அங்கே குதித்தால் ஒரு மணி காணாமல் போகும். அதனால் பெரும்பாலும் ஒரே தாளில், ஒவ்வொரு கட்டமாக உடனுக்குடன் மாற்றுகிறார்கள். எந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பது என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

100 வரிசைத் திரையில், மேலிருந்து 3ஆம் வரிசையில் ஒரு மணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாகப் பார்த்தால் அது 4ஆம் வரிசைக்கு இறங்கும். அடுத்து கணினி நிரல் 4ஆம் வரிசைக்கு வரும். அதே மணியை மீண்டும் இறக்கும். திரை ஒருமுறை வரையப்படும் ஒரே பிரேமில் மணி தரையைத் தொட்டுவிடும். விழுவதைக் கண் பார்க்கவே பார்க்காது. கீழிருந்து தொடங்கினால் இது தீரும்:

```
for (y = H - 1; y >= 0; y--)
```

இப்போது பிரேமுக்கு ஒரு கட்டம். நொடிக்கு 60 பிரேம் என்றால் 97 கட்டங்களைக் கடக்க ஏறத்தாழ 1.6 நொடி. இன்னொரு நன்மையும் உண்டு: அடியிலுள்ள மணி முதலில் நகர்ந்து இடம் விடுவதால், மணல் தூண் இடைவெளி விழாமல் ஒன்றாக இறங்குகிறது.

ஆனால் புகை மேலே போகிறது. கீழிருந்து பார்க்கும்போது அதே பிழை தலைகீழாகத் திரும்பும்: புகை ஒரே பிரேமில் கூரையை முட்டும். தீயும் அப்படித்தான். பக்கத்திலுள்ள மரக்கட்டத்தை ஒரு குறிப்பிட்ட வாய்ப்பில் பற்றவைப்பது அதன் விதி. புதிதாகப் பற்றிய மேற்கட்டம் அதே பிரேமில் தனக்கு மேலுள்ளதையும் பற்றவைப்பதால், தீ கீழே பரவுவதைவிட மேலே வேகமாகப் பரவும். பார்ப்பவர்கள் இதை இயல்பான தீ என்றே நம்பிவிடுவார்கள் என்பதால் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். மரத்தின் நடுவில் தீ வைத்து, இருபுறமும் பரவும் தூரத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

நீருக்கு மணலின் விதியோடு பக்கவாட்டில் நகரும் உரிமையும் சேர்கிறது. வரிசையை எப்போதும் இடமிருந்து வலமாகப் பார்த்தால், வலப்பக்கம் ஓடும் நீர் மட்டும் ஒரே பிரேமில் சுவர்வரை பாயும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்வு, இந்தப் பிரேமில் கையாண்டாகிவிட்டது என்ற குறியைக் கட்டத்திலேயே வைப்பது. சாண்ட்ஸ்பீல் விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் இதற்கென்றே `clock` என்ற எண் இருக்கிறது. கூடவே, இட-வலத் தேர்வைச் சீரற்றதாக்கினால் குவியல் ஒருபக்கம் சாயாது.

இத்தனைக்குப் பிறகும் U வடிவக் குழாயில் ஒருபுறம் ஊற்றிய நீர் மறுபுறம் ஏறாது. அண்டைக் கட்டத்தை மட்டும் பார்க்கும் விதிக்கு அழுத்தம் தெரியாது. பவுடர் டாய் விளையாட்டில் இணைந்திருக்கும் நீர்மட்டங்களைச் சமப்படுத்தத் தனி வசதி சேர்த்திருக்கிறார்கள். நீர் அதிகமானால் அது விளையாட்டின் வேகத்தைக் குறைக்கும்.